கையெழுத்தைப் படமாக்கிக் கொடுக்கலாமா: சிறு நிறுவன உரிமையாளருக்கு உள்ள வழிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது பேர் வேலை செய்யும் ஓர் உதிரிபாகப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் பாதி நாள் ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருப்பார். பில், பர்ச்சேஸ் ஆர்டர், கொட்டேஷன், வேலைச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். ஒரு நாள் அலுவலகக் கணக்காளர் வந்து நிற்பார்: "சார், ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நல்லதாக ஒன்றை எடுத்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்கிறேன். இனி உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது."

கணக்காளர் நல்லவர்; கேட்பதும் நல்ல எண்ணத்தில்தான். ஆனாலும் அந்த வெள்ளைத்தாளைக் கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. நிறுவனங்களின் தாக்கல் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில், அவருக்கு முன் உள்ள வழிகள் ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, எங்கே கைவிடுகிறது என்று இங்கே பார்க்கிறேன். ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். நான் இல்லாதபோது, எனக்குத் தெரியாமல் இந்தக் கையொப்பத்தைப் போட முடியுமா? போட்ட பிறகு ஆவணத்தில் ஓர் எழுத்தை மாற்றினால் அது வெளியே தெரியுமா?

படம் என்ன செய்யும்

ஸ்கேன் செய்த கையெழுத்து வெள்ளைப் பின்னணி நீக்கப்பட்டு ஒரு சிறு படக் கோப்பாகக் கணினியில் உட்காருகிறது. பிறகு அது லெட்டர்ஹெட் வார்ப்புருவுக்குள் போகிறது. அந்த வார்ப்புரு மின்னஞ்சலில் இன்னொரு ஊழியருக்குப் போகிறது. அவர் தன் வசதிக்காக வாட்ஸ்ஆப்பில் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து அந்தக் கையெழுத்து எத்தனை இடத்தில் இருக்கிறது என்று உரிமையாளரால் சொல்ல முடியாது. வெளியே போகும் ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பிலும் அது முழுத் தெளிவோடு உள்ளேயே இருக்கிறது. பெறுபவர் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். கடிதம் ஒன்று அனுப்பினோம் என்று நினைக்கிறோம். கூடவே கையெழுத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

இனி இழப்பு எப்படி வரும் என்று பார்ப்போம். வேலையை விட்டுப் போன ஒருவருக்கு மாதச் சம்பளம் 18,500 ரூபாய் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருப்பது ஒட்டிய கையெழுத்து. அந்த எண் 48,500 ஆக மாறி, தனிநபர் கடன் விண்ணப்பத்தோடு ஒரு வங்கிக்குப் போகிறது. வங்கி அதிகாரி பட்டறைக்குப் போன் செய்து, "இது நீங்கள் கொடுத்ததுதானா?" என்று கேட்கிறார். உரிமையாளர் என்ன சொல்வார்? கையெழுத்தைப் பார்த்துப் பயனில்லை. உண்மையான சான்றிதழிலும் பொய்யான சான்றிதழிலும் இருப்பது அச்சு அசல் ஒரே படம். அலுவலகப் பிரதி ஒழுங்காக வைத்திருந்தால் எடுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அவர் வாய்வார்த்தைதான் சாட்சி.

படக் கையெழுத்தின் உண்மையான கெடுதல் இங்கேதான் இருக்கிறது. போலி செய்ய வழி திறந்துவிடுகிறது என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதோடு முடிவதில்லை: நாம் உண்மையாகவே கொடுத்த ஆவணத்தையும் அது பலவீனமாக்குகிறது. நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரை வைத்துப் பணம் கேட்கப் போகிறோம். அதில் இருப்பதும் ஒட்டிய படம்தான். "எங்கள் மேலாளர் அப்படிக் கையெழுத்துப் போடவே இல்லை, யாரோ ஒட்டியிருக்கிறார்கள்" என்று அவர் சொன்னால், அந்தப் படத்தைக் காட்டி அவரை மடக்க முடியாது.

கையெழுத்து நிபுணரிடம் போனாலும் இதே நிலைமைதான். பேனா அழுத்தம், கோடு எங்கே தொடங்கி எங்கே தூக்கப்பட்டது, மை எப்படிப் பாய்ந்தது என்பவற்றை வைத்தே அவர் முடிவுக்கு வருகிறார். படத்தில் அவை அனேகமாகக் கிடைப்பதில்லை. ஒன்றை மட்டும் அவர் உறுதியாகச் சொல்லக்கூடும். ஒரே மனிதர் போடும் இரண்டு கையெழுத்துகள் ஒருபோதும் மயிரிழை பிசகாமல் ஒத்திருப்பதில்லை. ஆகவே இரண்டு ஆவணங்களில் கையெழுத்து முற்றிலும் ஒன்றாக இருந்தால், ஒன்றாவது நகல். அலுவலகமே எல்லாவற்றையும் ஒட்டித்தான் அனுப்பியது என்றால் இந்த உண்மையும் உதவாது.

"அப்படியானால் மோசடி செய்தவர்தானே குற்றவாளி, எனக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. போலி ஆவணம் தயாரிப்பது குற்றம்தான். ஆனால் சிவில் பொறுப்பு அவ்வளவு எளிதாக நழுவிப் போகாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 237ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. தன் பிரதிநிதிக்கு அதிகாரம் இருப்பதாக வெளியார் நம்பும்படி ஒருவர் தன் சொல்லாலோ நடத்தையாலோ செய்திருந்தால், அந்தப் பிரதிநிதி அதிகாரம் இல்லாமல் செய்த காரியத்துக்கும் அவர் கட்டுப்பட வேண்டும் என்கிறது அது. இரண்டு ஆண்டுகளாகக் கணக்காளரே படத்தை ஒட்டி ஆர்டர் அனுப்பி, உரிமையாளரும் மறுக்காமல் பணம் கொடுத்துவந்திருந்தால், அதே கணக்காளர் அனுப்பிய ஓர் ஆர்டரை மட்டும் "எனக்குத் தெரியாது" என்று சொல்வதை விற்பனையாளரின் வழக்கறிஞர் சும்மா விடமாட்டார்.

வங்கிப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். காசோலைப் படத் தீர்வு முறை சென்னைக்கு 2011 செப்டம்பரில் வந்தது. அதிலிருந்து காசோலைத் தாள் கிளைக்குக் கிளை பயணிப்பதில்லை. போட்ட வங்கியிலேயே நின்றுவிடுகிறது, அதன் படம் மட்டும் போகிறது. பணம் கொடுக்க வேண்டிய வங்கியில் இருப்பவர் திரையில் ஒரு படத்தையும் மாதிரிக் கையெழுத்தின் படத்தையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார். கொட்டேஷனில் நாம் ஊர் முழுக்க அனுப்பிய கையெழுத்தும் வங்கியில் கொடுத்த மாதிரியும் ஒன்றே என்றால், ஒப்பிட வேண்டிய மாதிரியை நாமே விநியோகித்துவிட்டோம். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாசிட்டிவ் பே ஏற்பாட்டில், 50,000 ரூபாய்க்கும் அதற்கு மேற்பட்ட தொகைக்கும் காசோலை விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவித்துவைக்கலாம். நடப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்பேன். வங்கிக்கு ஒரு கையெழுத்து, மற்றவற்றுக்கு வேறு ஒன்று என்று பழைய வியாபாரிகள் வைத்திருந்த வழக்கமும் அர்த்தமில்லாதது அல்ல.

ஆக, முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் படம் தோற்றுவிடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கண்ணிலும் அது மின்னணுக் கையொப்பம் இல்லை. அதனால் ஒட்டிய படம் உள்ள ஒப்பந்தமெல்லாம் செல்லாது என்று பொருளாகிவிடாது. ஒப்பந்தம் மின்னஞ்சலிலேயே உருவாகலாம். 2010இல் டிரைமெக்ஸ் - வேதாந்தா அலுமினியம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றிருக்கிறது. சட்டத்தின் 10ஏ பிரிவும் அதைத்தான் சொல்கிறது. அப்போது ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவது இரு தரப்பும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். படம் அங்கே வெறும் அலங்காரம்.

முதலில் கழிக்க வேண்டியது

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன், எவற்றுக்குக் கையொப்பமே வேண்டாம் என்று பார்ப்பது நல்லது. கணக்காளரின் மேசையில் குவிவதில் பெரும்பகுதி பில்தான். ஜிஎஸ்டி விதி 46, பில்லில் கையொப்பம் இருக்க வேண்டும் என்று சொன்னாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்னணு முறையில் வெளியிடும் பில்லுக்கு அது தேவையில்லை என்று 2018 இறுதியில் சேர்த்த விலக்கு இருக்கிறது. மின்-இன்வாய்ஸ் வரம்புக்குள் வரும் நிறுவனமானால், பதிவுத் தளம் திருப்பித் தரும் க்யூஆர் குறியீடே டிஜிட்டல் கையொப்பம் இடப்பட்டதுதான். அதன் பக்கத்தில் உரிமையாளரின் படக் கையெழுத்தை ஒட்டுவது எதையும் கூட்டுவதில்லை.

கொட்டேஷனும் அப்படியே. நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து போனால் போதும். கையொப்பம் கேட்கும் வாடிக்கையாளர் அரிது. இவை இரண்டையும் கழித்துவிட்டால், ஒரு நாளைக்கு முப்பது கையெழுத்து என்ற பிரச்சினை வாரத்துக்கு நாலைந்து என்று சுருங்கிவிடும். படம் கேட்ட காரணமே அநேகமாக அங்கேயே போய்விடுகிறது.

தாளில் போட்டு ஸ்கேன் செய்வது

மிச்சமிருப்பதற்கு மிகப் பழைய வழி, அச்சிட்டு, பேனாவால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்புவது. இதை இளக்காரமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதில் அசல் தாள் ஒன்று கோப்பில் இருக்கிறது. தகராறு வந்தால் நிபுணரிடம் அதைக் கொடுக்கலாம். நான் இல்லாமல் இதைப் போட முடியாது என்பதால் முதல் கேள்வியில் தேறிவிடுகிறது. ஸ்கேன் நகலில் எண்ணை மாற்றினால் பார்வைக்குத் தெரியாது. அசலோடு ஒப்பிட்டால் பிடிபடும். ஆகவே அசலைத் தூக்கி எறியாதவரைதான் இந்த முறைக்கு மதிப்பு.

கையெழுத்தைத் தனியாக வெட்டி எடுப்பதைக் கடினமாக்கச் சில எளிய பழக்கங்கள் உண்டு. வெற்றிடத்தில் போடாமல், அச்சிட்ட பெயரின் மேலும் சீலின் மேலும் ஓடும்படி போடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதியைக் கையாலேயே எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பக்கம் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் வேண்டும். இதனால் போலி நின்றுவிடாது. செய்பவருக்கு வேலை கூடும்.

ஆதார் வழிக் கையொப்பம்

இந்தியச் சட்டம் ஏற்கும் மின்னணுக் கையொப்பம் நடைமுறையில் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டின் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்தை மட்டும் ஏற்றது. 2008 திருத்தம் வேறு முறைகளுக்கும் இடம் கொடுத்தது. 2015இல் ஆதார் வழி ஈ-சைன் அதில் சேர்ந்தது.

ஈ-சைன் நடப்பது இப்படி. ஆவணத்தை ஒரு கையொப்பத் தளத்தில் ஏற்றுகிறீர்கள். அந்தத் தளம் ஆவணத்திலிருந்து ஒரு சுருக்க மதிப்பைக் கணக்கிடுகிறது. ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு அடியோடு வேறாகிவிடும். உரிமம் பெற்ற கையொப்பச் சேவை நிறுவனத்துக்கு அந்த மதிப்பு மட்டும்தான் போகிறது, ஆவணம் போவதில்லை. அந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஆதார் எண்ணையோ 16 இலக்க மெய்நிகர் எண்ணையோ தந்தால், ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வரும். அதைப் பதிந்ததும் உங்கள் பெயரில் ஒரு சாவி உருவாகி, சுருக்க மதிப்பில் ஒரே ஒரு முறை கையொப்பமிட்டு, அழிக்கப்பட்டுவிடுகிறது. அதற்கான சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம்தான். திருடிப்போக அங்கே எதுவும் மிச்சமில்லை.

பழைய உதாரணத்துக்கே வருவோம். 18,500 என்று இருந்த சான்றிதழ் ஈ-சைன் செய்யப்பட்டிருந்தால், அதை 48,500 ஆக மாற்றிய கணமே கோப்பிலுள்ள கையொப்பமும் சுருக்க மதிப்பும் பொருந்தாமல் போகும். வங்கி அதிகாரி கோப்பைத் திறந்தாலே திரை சொல்லிவிடும். உரிமையாளருக்குப் போன் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. கையொப்பத்தில் வரும் பெயர் ஆதாரில் உள்ளபடியே வரும். நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை: ஒப்பந்தத்தில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும் முன் ஒப்பந்தத்தின் பெயரை ஆதாருக்கு ஒத்ததாக எழுதிவிடுங்கள். ஆதாரோடு இணைத்த போன் எண் மாறியிருந்தால் ஓடிபி வராது. இன்னொன்று, ஓடிபியைக் கணக்காளரிடம் போனில் படித்துக் காட்டினால் நீங்கள் பார்க்காத ஆவணத்தில் உங்கள் கையொப்பம் விழும். இத்தனை பாதுகாப்பும் அந்த ஒரு போன் அழைப்பில் காலி. ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனில் கோப்பைத் திறந்து படித்து ஈ-சைன் செய்ய முடியும் என்பதால், அப்படிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

டோக்கன், அதாவது டிஎஸ்சி

ஆடிட்டர் அலுவலகங்களில் டிஎஸ்சி என்று சொல்லும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் யுஎஸ்பி டோக்கன் ஒன்றில் வருகிறது. உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் ஆவணங்களைச் சரிபார்த்து, வீடியோவில் ஆளையும் பார்த்து அதைத் தருகிறது. ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை செல்லும். இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களை 2021 தொடக்கத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது வாங்குவது மூன்றாம் வகுப்பு. கையொப்பமிடும் சாவி டோக்கனுக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கிறது. வெளியே நகலெடுக்க முடியாது. டோக்கனும் வேண்டும், பின் எண்ணும் தெரிய வேண்டும். அப்போதுதான் கையொப்பம் விழும்.

தனியார் கம்பெனியோ எல்எல்பியோ ஆனால் இதிலிருந்து தப்ப முடியாது. கம்பெனி விவகார அமைச்சகத் தாக்கலுக்கும் ஜிஎஸ்டி தாக்கலுக்கும் இது வேண்டும். தனி உரிமையாளர் நிறுவனமானால் ஜிஎஸ்டியில் ஓடிபி வழியே முடித்துக்கொள்ளலாம். அமைச்சகத் தளத்தில் பதிய, டிஎஸ்சியில் உள்ள பெயர் பான் அட்டையோடு ஒத்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளாதவர்கள் தாக்கல் கடைசி நாளில் அவதிப்படுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

தொழில்நுட்பத்தில் இதுவே மிக வலுவானது. நம் வழக்கத்தில் மிகப் பலவீனமானதும் இதுதான். சென்னையில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் மேசை இழுப்பறையில் டோக்கன்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் இயக்குநர் பெயர், சில சமயம் அதற்குக் கீழேயே பின் எண். பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரிதான். ஸ்கேன் செய்த படத்தைக் கொடுத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே: படத்தை மறுக்கக் கொஞ்சம் இடமாவது இருந்தது. டோக்கனால் விழுந்த கையொப்பம் உங்களுடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளத் தொடங்கும். இல்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். சாவியைக் கைவசம் வைத்துக் காப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்றும், அது பறிபோனால் சான்றளிப்பு நிறுவனத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்றும், சொல்லும் வரை பொறுப்பு அவருடையதே என்றும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு கூறுகிறது.

ஆடிட்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒவ்வொரு தாக்கலுக்கும் இயக்குநரைத் துரத்திப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பின் எண்ணை மாற்றுங்கள். தாக்கல் நாளில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். அல்லது உங்கள் கணினியில் டோக்கனைச் செருகி, ஆடிட்டரின் ஆள் படிவத்தைத் திரையில் காட்ட, பின்னை நீங்களே அடிக்கலாம். கொடுத்துவைத்தே தீர வேண்டும் என்றால், என்று கொடுத்தோம், எதற்காக, என்று திரும்ப வந்தது என்பதை மின்னஞ்சலில் பதிவாக்கி வையுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் கையொப்பத் தளங்களைப் பற்றியும் கேட்பார்கள். மின்னஞ்சலில் இணைப்பு வரும், பெயரைத் தட்டச்சு செய்தோ விரலால் வரைந்தோ முடிப்போம். வரைந்த கோட்டுக்கு அங்கே மதிப்பில்லை. எந்த மின்னஞ்சலிலிருந்து, எந்த நேரத்தில், எந்த இணைய முகவரியிலிருந்து ஒப்புக்கொண்டார் என்ற பதிவேடும், கோப்பு மாறாமல் பூட்டும் தளத்தின் முத்திரையுமே சாட்சி. வணிக ஒப்பந்தங்களுக்கு இது போதும். கையொப்பத்தைச் சட்டமே கேட்கும் இடத்தில், அதே தளத்தில் ஈ-சைனோ டிஎஸ்சியோ இருந்தால் அதைக் கேளுங்கள். பதிவேட்டையும் ஆவணத்தோடு சேர்த்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த கோப்பை எப்படிச் சரிபார்ப்பது

பச்சைக் குறியும் "Digitally signed by" என்ற வரியும் பக்கத்தில் தெரிந்தால் ஆவணம் சரி என்று நினைப்பது பெரிய தவறு. அந்த வரியையும் குறியையும் படமாக ஒட்ட யாராலும் முடியும். பக்கத்தில் தெரிவதை விட்டுவிட்டு, கோப்பை அடோபி ரீடரில் திறந்து கையொப்பப் பலகையைப் பார்க்க வேண்டும். உண்மையான கையொப்பம் இருந்தால்தான் அந்தப் பலகையில் ஏதாவது இருக்கும். ஒட்டிய படமானால் அது காலி. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே கட்டளை போதும்:

```
pdfsig kaditham.pdf
```

ஒட்டிய படம் மட்டும் உள்ள கோப்பானால், அதில் கையொப்பம் எதுவும் இல்லை என்று பதில் வரும்.

நம் ஆட்களைக் குழப்புவது மஞ்சள் கேள்விக்குறியும் "Validity unknown" என்ற சொல்லும். இறக்கிய ஆதார் கோப்பில் எல்லாரும் பார்த்ததுதான். கையொப்பம் போலி என்று அது சொல்லவில்லை. சான்றிதழின் மூலத்தை இந்தக் கணினி இன்னும் நம்பத் தொடங்கவில்லை என்றுதான் பொருள். இந்தியச் சான்றிதழ்கள் அனைத்துக்கும் மூலம் சான்றளிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளர். அவருடைய அதிகாரத் தளத்திலிருந்து மூலச் சான்றிதழை இறக்கி நம்பகப் பட்டியலில் சேர்த்தால் கேள்விக்குறி போய்விடும். கோப்பில் காணும் சான்றிதழையே கண்ணை மூடிக்கொண்டு நம்பகமாக்குவது தவறு: யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் தானே ஒரு சான்றிதழ் செய்துகொள்ள முடியும், அதையும் நம்பச் சொல்லிவிட்டால் பச்சையாகிவிடும். கையொப்பத்துக்குப் பிறகு ஆவணம் மாற்றப்பட்டது என்று பலகை சொன்னால் மட்டும் வேறு பேச்சு இல்லை, கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். கையொப்ப நேரம் கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரத்திலிருந்து வந்தது என்று பலகை சொன்னால், அந்தத் தேதியை முழுதாக நம்ப முடியாது. கடிகாரத்தை யாரும் திருப்பி வைக்கலாம். தேதி முக்கியமான ஒப்பந்தமானால் நேர முத்திரையோடு கையொப்பமிடச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக வந்த கோப்பை அச்சிட்டுக் கோப்பில் வைத்து, மின்கோப்பை அழித்துவிடும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அச்சிட்ட தாளில் டிஜிட்டல் கையொப்பம் கிடையாது. பிடிஎஃப் கோப்பை மறுபடி பிடிஎஃப் ஆக அச்சிட்டாலும் கையொப்பம் போய்விடும். வந்த கோப்பு வந்தபடியே இருக்க வேண்டும்.

அம்பத்தூர் பட்டறைக்கு என்ன முடிவு

பில்லும் கொட்டேஷனும் கையொப்பம் இல்லாமல் போகட்டும். பர்ச்சேஸ் ஆர்டர், வேலைச் சான்றிதழ், வாடிக்கையாளர் ஒப்பந்தம் மூன்றுக்கும் ஈ-சைன். உரிமையாளர் எங்கே இருந்தாலும் போனிலேயே முடித்துவிடலாம். சிறு தொகை ஆர்டர்களுக்கு உரிமையாளர் கையெழுத்துதான் வேண்டுமா என்றும் யோசிக்கலாம். ஒரு வரம்பு வரை கணக்காளரே தன் பெயரில், தன் கையொப்பத்தில் அனுப்ப எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்துவிட்டால், உரிமையாளர் கையெழுத்தை இரவல் வாங்க வேண்டிய நிலைமையே வராது. தாக்கல்களுக்கு டிஎஸ்சி, உரிமையாளர் பையில். வங்கிக் கடிதங்களுக்குப் பேனா.

கொட்டகையின் வாடகை ஒப்பந்தம்தான் யோசிக்க வைக்கும். ஈ-சைன் செய்ய முடியும், ஆனால் அதனால் முத்திரைத் தீர்வை போய்விடாது. இ-ஸ்டாம்ப் வாங்கி இணைக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் கட்டாயம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவதும் உண்டு. பதிவுக்கு எப்படியும் நேரில் போகப் போகிறோம் என்றால் பேனாவே நேர்வழி. வியாபாரக் கூட்டாளிக்குத் தரும் பொது அதிகாரப் பத்திரம், உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவற்றில் மின்னணுக் கையொப்பமே எடுபடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தத்தை 2022இல் அந்த அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் கிரயப் பத்திரத்துக்குப் பதிவுச் சட்டம் அப்படியே இருக்கிறது.

படம் ஏற்கெனவே வெளியே போயிருந்தால் திரும்ப வாங்க வழியில்லை. செய்யக்கூடியது இவ்வளவுதான். வார்ப்புருக்களிலிருந்து அதை நீக்குங்கள். இன்ன தேதிக்குப் பிறகு எங்கள் ஆர்டரும் சான்றிதழும் ஈ-சைன் இல்லாமல் வராது, படக் கையெழுத்தோடு வந்தால் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளருக்கும் விற்பனையாளருக்கும் ஒரு கடிதம் அனுப்பி, அதன் பிரதியைத் தேதியோடு வையுங்கள். 237ஆம் பிரிவை நீட்டுபவருக்கு அந்தக் கடிதமே பதில். வங்கியில் கொடுத்த மாதிரியும் அதே கையெழுத்தானால், கிளைக்கு நேரில் போய் மாதிரியை மாற்றிக் கொடுங்கள். பழைய கையெழுத்தில் கொடுத்துவிட்டு இன்னும் போடப்படாமல் இருக்கும் காசோலைகளை முதலில் கணக்கெடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவை கையெழுத்து ஒவ்வாமையால் திரும்பி வரும்.